நமக்கு இருவரா, நால்வரா?

ஒரு சர்வரோடு ஐம்பதாயிரம் பேர் இணைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு டைமர் ஓடிக்கொண்டிருக்கிறது. குறித்த நேரத்துக்குள் மறுமுனையிலிருந்து பதில் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். நிரலுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அடுத்து முடியப்போகும் டைமர் எது? மற்றவை எந்த வரிசையில் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. அப்படியிருக்க ஐம்பதாயிரத்தையும் வரிசைப்படுத்தி வைப்பது வீண் வேலை.

இந்த மாதிரி இடங்களில் புரோகிராமர்கள் கைவைப்பது ஹீப் என்ற அமைப்பில். 1964-இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் தன் ஹீப்சார்ட் முறைக்காகக் கொண்டுவந்தது. அதன் சட்டம் ஒரே வரிதான்: எந்தப் பிள்ளையும் தன் பெற்றோரைவிடச் சிறிய எண்ணாக இருக்கக் கூடாது. இந்தச் சட்டம் எல்லா மட்டத்திலும் காக்கப்பட்டால், ஆகச் சிறிய எண் தானாகவே உச்சியில் வந்து உட்கார்ந்துவிடும். அண்ணன் தம்பிகளுக்குள் யார் பெரியவர் என்ற கேள்வியே எழுவதில்லை. மரம் என்று சொன்னாலும் நினைவகத்தில் இது வெறும் அர்ரே. யாருக்கு யார் பிள்ளை என்பதை இடத்தின் எண்ணை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

வில்லியம்ஸின் ஹீப்பில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிள்ளைகள். நமக்கு இருவர் கொள்கை. அது மூன்றாகவோ நான்காகவோ பதினாறாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று 1975-இல் டொனால்ட் ஜான்சன் கேட்டார். பிள்ளைகளின் எண்ணிக்கையை d என்று குறிப்பது வழக்கம். அந்த ஒரு எண்ணை மாற்றினால் செலவு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறது. ஏன் நகர்கிறது என்று புரிய, ஹீப்பின் இரண்டு அடிப்படை வேலைகளையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

புதிதாக ஓர் எண் வந்தால் அதை அர்ரேயின் கடைசியில் வைப்பார்கள். பிறகு அது தன் பெற்றோரோடு மோதும். பெற்றோர் பெரிதாக இருந்தால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். மறுபடி மேலே ஒரு மோதல். ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் ஒருவர்தான். ஆகவே ஏறும்போது ஒரு மட்டத்துக்கு ஒரே ஓர் ஒப்பீடு.

உச்சியிலிருப்பதை எடுக்கும்போது கதை வேறு. காலியான உச்சிக்குக் கடைசி ஆளைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். அவர் அந்த இடத்துக்குத் தகுதியில்லாதவர் என்பது அநேகமாக நிச்சயம். கீழே இறங்கத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பிள்ளையோடு இடம் மாறுவது? இருப்பவர்களில் ஆகச் சிறியவரோடு. அவரைக் கண்டுபிடிக்க d-1 ஒப்பீடுகள், கண்டுபிடித்தவரோடு மோத இன்னொன்று. ஆக, இறங்கும்போது ஒரு மட்டத்துக்கு d ஒப்பீடுகள்.

பிள்ளைகள் கூடினால் மரம் குட்டையாகும், ஏறுவது மலிவாகும். ஆனால் இறங்கும்போது ஒவ்வொரு மட்டத்திலும் அதிகம் பேரை விசாரிக்க வேண்டியிருக்கும். மட்டம் குறைந்த லாபம் விசாரணைச் செலவை ஈடுகட்டுமா என்பதுதான் கேள்வி. சுமார் 10 லட்சம் எண்கள் கொண்ட ஹீப்பில் போட்டுப் பார்ப்போம். d=2 என்றால் ஏறக்குறைய 20 மட்டங்கள். செருக அதிகபட்சம் 20 ஒப்பீடுகள், எடுக்க 40. d=16 என்றால் 5 மட்டங்கள்தான்; செருக 5 போதும், ஆனால் எடுக்க 80. ஒரு பக்கம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது, மறுபக்கம் இரட்டிப்பானது. எதிர்பார்த்த பண்டமாற்றுதான்.

சுவாரசியம் நடுவில் இருக்கிறது. d=4 என்றால் 10 மட்டங்கள். செருக 10, எடுக்க 10 × 4, அதாவது அதே 40! இரண்டிலிருந்து நான்குக்குப் போகும்போது செருகும் செலவு பாதியாகிறது. எடுக்கும் செலவில் ஒரு காசு கூடவில்லை. எடுக்கும் செலவு d/log d என்ற விகிதத்தைப் பின்பற்றுவதால் வரும் விளைவு இது. அந்த விகிதம் 2.718-இல், அதாவது e என்ற எண்ணில், அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறுகிறது. முழு எண்களில் 3 தான் ஆகக் குறைவு. இரண்டும் நான்கும் அதன் இருபுறமும் சரிசமமாக நிற்கின்றன. அப்படியானால் மூன்றையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இறங்குவதில் அதன் ஆதாயம் 5 சதவீதத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஏறுவதில் நான்கிடம் தோற்றுவிடும். பெற்றோரின் இடத்தைக் கண்டுபிடிக்க மூன்றால் வகுக்கவும் வேண்டும். நான்கால் வகுப்பதென்றால் பிட்டுகளை இரண்டு இடம் தள்ளினாலே முடிந்தது.

இதுவரை ஒப்பீடுகளை மட்டும்தான் எண்ணினோம். இன்றைய கணினியில் இரண்டு எண்களை ஒப்பிடுவது அற்பச் செலவு. அந்த எண்களை நினைவகத்திலிருந்து கொண்டுவருவதுதான் பெரிய செலவு. பிராசஸர் ஒரு பைட் கேட்டாலும் கேஷுக்குள் வருவது பெரும்பாலும் 64 பைட் கொண்ட ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குள் என்னென்ன சேர்ந்து வருகின்றன என்பதைப் பொறுத்துத்தான் வேகம். லாமார்க்காவும் லாட்னரும் 1990-களில் ஹீப்பை இந்தக் கோணத்திலிருந்து ஆராய்ந்து, உடன்பிறப்புகள் எல்லோரும் ஒரே துண்டுக்குள் அடங்கும்படி அமைக்க வேண்டும் என்று காட்டினார்கள்.

இதை அப்படியே நடைமுறையில் பார்க்க libev என்ற சி மொழி நூலகத்தைத் திறக்கலாம். டைமர்களைக் கவனிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஹீப் பகுதியில் இந்த மூன்று வரிகள் இருக்கின்றன:

```c
#define DHEAP 4
#define HEAP0 (DHEAP - 1)
#define HPARENT(k) ((((k) - HEAP0 - 1) / DHEAP) + HEAP0)
```

முதல் வரி புரிகிறது: நான்கு பிள்ளைகள். இரண்டாவது வரிதான் விசித்திரம். உச்சி 0-வது இடத்தில் இல்லை, 3-வது இடத்தில்; முதல் மூன்று இடங்கள் சும்மா கிடக்கின்றன. காரணம் இதுதான். 64-பிட் கணினியில் ஹீப்பின் ஓர் உறுப்புக்கு, டைமர் முடியும் நேரம் 8 பைட், டைமரைச் சுட்டும் முகவரி 8 பைட், ஆக 16 பைட் வேண்டும். நான்கு உடன்பிறப்புகள் சேர்ந்தால் சரியாக 64. உச்சி 0-வது இடத்தில் இருந்தால் அதன் பிள்ளைகள் 1 முதல் 4 வரை. மூன்று பேர் ஒரு துண்டிலும் ஒருவர் அடுத்த துண்டிலும் விழுவார்கள். உச்சியை 3-க்குத் தள்ளினால் பிள்ளைகள் 4 முதல் 7 வரை, அதற்கடுத்த குடும்பம் 8 முதல் 11 வரை. எந்தக் குடும்பமும் துண்டின் எல்லையில் பிரிவதில்லை. 48 பைட்டை வீணடித்து வாங்கிய வசதி. அர்ரேயே 64-இன் மடங்கான முகவரியில் தொடங்கினால்தான் இது முழுதாகப் பலிக்கும். சாதாரண `malloc` அந்த உத்தரவாதத்தைத் தராது, `aligned_alloc` கேட்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 4-ஹீப் எழுதிவிட்டு, புத்தகத்தில் சொன்ன வேகம் வரவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு.

டைமர் ஹீப்பில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. பதில் வந்துவிட்டால் டைமரை நடுவிலேயே ரத்து செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொரு டைமருக்கும் தான் ஹீப்பில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஹீப்பில் ஓர் உறுப்பு நகரும்போதெல்லாம் நினைவகத்தில் வேறெங்கோ கிடக்கும் அந்த டைமருக்குள் போய்ப் புதிய இடத்தைக் குறித்துவிட்டு வர வேண்டும். நகர்வு மட்டத்துக்கு ஒன்று. மட்டங்கள் பாதியானால் இந்த அலைச்சலும் பாதியாகும். கோ மொழியும் தன் டைமர்களுக்கு 4-ஹீப்பையே பயன்படுத்துகிறது.

அப்படியானால் நான்குதான் எப்போதும் சரியா? செருகுவதும் எடுப்பதும் சம அளவில் நடந்தால் பெரும்பாலும் ஆம். விகிதம் சாய்ந்துவிட்டால் கணக்கு மாறும். ஆகக் குறுகிய வழியைத் தேடும் டைக்ஸ்ட்ரா முறையில் அதைப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு ஊரும் ஹீப்பிலிருந்து ஒரு முறைதான் எடுக்கப்படும். ஆனால் ஒவ்வொரு சாலையும் ஓர் ஊரின் தூரத்தைக் குறைக்கக்கூடும். குறைந்த எண் ஹீப்பில் மேலே ஏற வேண்டும். எடுப்பது ஊர்க் கணக்கு, ஏறுவது சாலைக் கணக்கு.

65,536 ஊர்கள், ஊருக்கு 16 சாலை வீதம் சுமார் 10.5 லட்சம் சாலைகள் என்று எடுத்துக்கொள்வோம். d=2 என்றால் 16 மட்டங்கள்; ஏற 168 லட்சம் ஒப்பீடுகள், இறங்க 21 லட்சம், மொத்தம் 189 லட்சம். d=4-இல் ஏற்றம் 84 லட்சமாகக் குறைகிறது, இறக்கம் அதே 21, மொத்தம் 105. d=16-இல் ஏற்றம் 42, இறக்கம் 42, மொத்தம் 84 லட்சம். இதற்கு மேல் பேராசைப்பட்டு d=256 என்று வைத்தால் ஏற்றம் 21 லட்சம்தான், ஆனால் இறக்கம் 336 லட்சத்துக்குப் பாய்ந்துவிடும். இரண்டு செலவும் சந்திக்கும் இடம் சாலைகளின் எண்ணிக்கையை ஊர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது, இங்கே 16. ஜான்சனின் முறையோடு வழிவழியாக வரும் விதி இது.

பாடப்புத்தகத்தில் இந்த விதி இருக்கும். இதை அப்படியே நம்புவதற்கில்லை. எல்லாச் சாலையும் தூரத்தைக் குறைக்கும், குறைந்த எண் ஒவ்வொரு முறையும் உச்சி வரை ஏறும் என்ற மோசமான நிலைக்குப் போட்ட கணக்கு அது. நிஜத்தில் பல சாலைகள் எதையும் குறைப்பதில்லை. குறைத்தாலும் எண் ஓரிரு மட்டம் ஏறி நின்றுவிடுகிறது. இறங்குபவரோ கடைசியிலிருந்து வந்தவர் என்பதால் அநேகமாக அடிவரை போவார். ஏற்றத்தின் கணக்கு உண்மையில் சுருங்கும், இறக்கத்தின் கணக்கு சுருங்காது. ஆகவே விதி 16 என்று சொன்னால் 4, 8 இரண்டையும் ஓடவிட்டுப் பார்ப்பேன்.

நான்கு தோற்கும் இடமும் உண்டு. பைத்தானின் `heapq` இரண்டு பிள்ளைகளோடுதான் இருக்கிறது. அதன் எடுக்கும் முறையில் ஒரு தந்திரம். இறங்குபவர் எப்படியும் அடிக்குத்தான் போவார் என்பதால் வழியில் அவரோடு யாரையும் ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு மட்டத்திலும் சிறிய பிள்ளையை மட்டும் கண்டுபிடித்து மேலேற்றி, அடியில் காலியான இடத்தில் அவரை வைத்து, தேவையென்றால் சற்று மேலே ஏற்றுகிறார்கள். மட்டத்துக்கு d என்பது d-1 ஆகிவிடுகிறது. இப்போது 10 லட்சம் எண்களுக்கு d=2 என்றால் சுமார் 20 ஒப்பீடுகள், d=4 என்றால் 10 × 3 = 30. அந்தச் சமநிலை உடைந்துவிட்டது. பைத்தானில் ஓர் ஒப்பீடு என்பது பொருள்களின் வகையைப் பார்த்து, உரிய ஃபங்ஷனை அழைத்து நடக்கும் வேலை. நீளமான சரங்கள் என்றால் இன்னும் மோசம். ஒப்பீடு விலையுயர்ந்த இடத்தில் இருவரே மேல்.

சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு சி++-இல் பூஸ்ட் நூலகம் வசதியானது. `boost::heap::d_ary_heap` என்ற ஹீப்பில் `boost::heap::arity<4>` என்று எழுதும் இடத்தில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். லினக்ஸில் `perf stat -e cache-misses` கொடுத்து ஓடவிட்டால் கேஷ் எத்தனை முறை தவறுகிறது என்றும் தெரியும். சோதனையை மட்டும் ஆயிரம் எண்களோடு நிறுத்திவிடக் கூடாது. உறுப்புக்கு 16 பைட் என்றால் ஆயிரம் உறுப்புகள் 16 கிலோபைட்தான். பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் முதல் கேஷ் பொதுவாக 32 கிலோபைட்டாவது இருக்கும். முழு ஹீப்பும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதால், உடன்பிறப்புகளை ஒரே துண்டில் வைத்ததன் பலன் அங்கே தெரியவே தெரியாது.