கொதிகலனுக்குத் திரும்பும் வடிநீர்

நீராவி தன் வெப்பத்தைக் கொடுத்தபின் நீராக மாறுகிறது. அதனை வடிநீர் என்போம். அது கொதிகலனுக்குத் திரும்பும் குழாயை நீருக்கென அளவிட்டால் போதும் என்று தோன்றும். தவறு அங்கேயே தொடங்குகிறது.

ஒரு சிறு நூடல்ஸ் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அழுத்தமானி 7 பார் காட்டுகிறது. மணிக்கு 500 கிலோ வடிநீர் வருகிறது. அதன் வெப்பநிலை ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ். ஸ்டீம் டிராப்பைக் கடந்து வளிமண்டல அழுத்தத்தை அடைந்ததும், 100 பாகைக்கு மேல் அது நீராக நீடிக்க இயலாது. மிகுந்துள்ள வெப்பம் அதன் ஒரு பகுதியைக் கொதிக்கச் செய்கிறது. கிலோவுக்கு 721 கிலோஜூல் கொண்டிருந்த நீர் 419ஐ மட்டுமே தக்கவைக்கும். எஞ்சிய 302ஐ ஆவியாதற்கு வேண்டிய 2257ஆல் வகுத்தால் 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆலைகளில் இதனைப் பிளாஷ் ஸ்டீம் என்பர். மின்னலாவி எனப் பெயர்த்தால் ஒளிதான் நினைவுக்கு வரும். மீளாவி என்பதே நிகழ்வைச் சுட்டும் என்று கருதுகிறோம்.

எடையில் அது சிறிதே. ஆயினும் 67 கிலோ மீளாவி மணிக்கு 112 கனமீட்டர் இடம் கேட்கிறது. உடன்வரும் நீருக்கோ அரைக் கனமீட்டர்கூட வேண்டுவதில்லை. 25 மில்லிமீட்டர் குழாய் இட்டால் ஆவி நொடிக்கு 60 மீட்டருக்கு மேல் விரைய வேண்டும். விளைவாக எதிரழுத்தம் ஏறும். டிராப்பில் வடிநீர் தேங்கும். வேகவைக்கும் கலன் சூடேறத் தாமதமாகும். குழாய் சம்மட்டியடி பட்டாற்போல் அதிரும். வேகத்தை 16 மீட்டருக்குள் அடக்க 50 மில்லிமீட்டர் குழாய் வேண்டும்.

இக்கணக்கு டிராப்பிலிருந்து சரிந்திறங்கும் குழாய்க்கே உரியது. மீளாவியைத் தொட்டியில் பிரித்தபின் பம்பு தள்ளும் குழாயில் நீர் மட்டுமே செல்வதால், அங்குச் சிறிய குழாயே போதும்.