மாசமா இருக்கும்போது கூல்டிரிங்ஸ்: பாட்டிலின் பின்பக்கம் சொல்லும் கதை

"ஜில்லுன்னு எதையும் குடிக்காதே, பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும்." கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இந்த வார்த்தை விழாத நாள் கிடையாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இதனால் சளி பிடிக்காது. ஃபிரிட்ஜ் தண்ணீர் தொண்டையைத் தாண்டி இறங்குவதற்குள்ளேயே உடம்பின் சூட்டுக்கு வரத் தொடங்கிவிடும். பனிக்குட நீருக்குள் அந்தக் குளிர்ச்சி போய்ச் சேராது. மசக்கையில் எதைக் குடித்தாலும் வாந்தி வருகிறவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் இரண்டு மடக்கு தங்குவதும் உண்டு. இந்தப் பயத்தால் வருகிற தொல்லை வேறு. கவனமெல்லாம் குளிர்ச்சியின் மேலேயே போய்விடுவதால், "ஐஸ் இல்லாம, கூலிங் இல்லாம" வாங்கிக் கொடுத்த கலர் சோடா நல்லதாகிவிடுகிறது.

பார்க்க வேண்டியது பாட்டிலின் பின்பக்கத்தை. சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு பத்தரை கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். 750 மில்லி பாட்டில் என்றால் ஏறக்குறைய 80 கிராம். இந்த எண்ணைத் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுக்குப் புரிய வைப்பது சுலபம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுப்பார்களே, அதில் கலப்பது 75 கிராம் குளுக்கோஸ். உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கிறதா என்று சோதிக்கவே அவ்வளவு கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து 140-க்கு மேல் காட்டினால் கர்ப்பகால நீரிழிவு என்று எழுதிவிடுவார்கள். கோலாவில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்த சர்க்கரை என்பதால் இரண்டும் அச்சு அசல் ஒன்றல்ல. ஆனாலும் சோதனைக்குக் கொடுக்கிற அளவை ஒருவர் தாகத்துக்குக் குடித்துவிட முடிகிறது என்பதுதான் விஷயம்.

கர்ப்பத்தில் இது ஏன் பெரிதாகிறது? நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்கும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு இது நன்றாகவே தெரியும். தாயின் ரத்தத்தில் ஏறிய குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், ஆனால் தாயின் இன்சுலின் அப்படிப் போகாது. அதனால் குழந்தை தன் பங்குக்குத் தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிப் பருக்கும். பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டியவுடன் சர்க்கரை வரத்து நின்றுவிடும், கூடுதல் இன்சுலின் சட்டென நிற்காது. நாலு கிலோ குழந்தை பிறந்த சந்தோஷம் அடங்குவதற்குள், அதற்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று தனி வார்டுக்குத் தூக்கிப் போவது இதனால்தான். கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் குடித்ததால் இது வராது. தினமும் மத்தியானம் 300 மில்லி என்று பழகினால், அதுவே எட்டு ஸ்பூன் சர்க்கரை. இப்படிச் சேர்க்கிற சர்க்கரை நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, டயட் கோலா குடிக்கலாமா? அதில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்பர்டேம், லேபிளில் 951 என்ற எண். 2023-இல் இதைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தபோது பெரிய பரபரப்பு. அதே நேரத்தில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ பெண்ணுக்கு அது 2,400 மில்லிகிராம். ஒரு கேனில் 200 முதல் 300 வரை இருக்கும் என்று வைத்தாலும், வரம்பைத் தொட எட்டு கேனாவது குடிக்க வேண்டும். எப்போதாவது ஒன்றைக் குடித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் பயப்பட வேண்டியதில்லை. பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்கள் மட்டும் தொடவே கூடாது.

தள்ளி வைக்க வேண்டியது சாக்கரின், எண் 954. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகிறது, குழந்தையின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறுகிறது. சில இனிப்பு மாத்திரைகளில் இருக்கும். லேபிளே இல்லாத கலர் சோடாவிலும் குச்சி ஐஸிலும் இருக்கிறதா என்று பார்க்கவே வழியில்லை. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை இல்லை, மைதா இருக்கிறது. மைதாவும் வயிற்றில் குளுக்கோஸாகத்தான் மாறும். சர்க்கரை நோய் வந்த கர்ப்பிணிக்குப் பாசத்தோடு டப்பா டப்பாவாக வாங்கி வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: வேண்டாம். பெட்டிக்கடையில் கோலாவுக்குப் பக்கத்திலேயே, அதே விலையில் அடுக்கி வைத்திருப்பதால் இதுவும் ஒரு கூல்டிரிங்ஸ் என்றே பலர் நினைக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல என்று அந்த பாட்டிலிலேயே எறும்பு சைஸில் அச்சடித்திருக்கும். 250 மில்லியில் 75 மில்லிகிராம் அளவில் காஃபின். ஒரு ஃபில்டர் காபியில் இதைவிட அதிகமாச்சே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. சிக்கல் கூட்டுத்தொகையில் இருக்கிறது. காலையில் ஒரு ஃபில்டர் காபி 100, பதினோரு மணி டீ 40, மத்தியானம் கோலா 30, சாயங்காலம் அசதிக்கு ஒரு எனர்ஜி டிரிங்க் 75. மொத்தம் 245. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் போதும் என்கிறார்கள் பிரிட்டன், அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள். 300-ஐத் தாண்டினால் குறைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், எடை குறைந்த குழந்தை, கருச்சிதைவு அபாயங்களைக் காட்டி. மற்ற நாட்களில் ஐந்து மணி நேரத்தில் பாதியாகிற காஃபின், கடைசி மாதங்களில் பாதியாக 15 மணி நேரம்கூட எடுக்கும். சாயங்காலம் குடித்தது மறுநாள் காலை காபியோடு சேர்ந்துகொள்ளும். அதைச் செரிக்கிற சக்தி குழந்தையின் ஈரலுக்கு இன்னும் வரவில்லை. காபியைக் கைவிட மனமில்லாதவர்கள் காபியை வைத்துக்கொள்ளட்டும்.

சிப்ஸ், மிக்ஸர் பாக்கெட்டில் விஷம் எதுவும் இல்லை. உப்பைப் பார்க்க, லேபிளில் உள்ள சோடியத்தை இரண்டரையால் பெருக்குங்கள். 100 கிராமுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது முக்கியம். மற்றவர்களுக்கு நஷ்டம் வேறு மாதிரி: எட்டாம் மாதத்தில் இரைப்பைக்கு இடமே இல்லை, நாலு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும். அந்த நாலு வாயும் சிப்ஸாகப் போனால் முட்டையும் சுண்டலும் தட்டிலேயே கிடக்கும்.

கூல்டிரிங்ஸ் வேண்டாம் என்று சொல்லித் தெருவோரக் கரும்புச் சாற்றையோ ஐஸ் போட்ட சர்பத்தையோ வாங்கிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத வைத்தியம். அசுத்தமான தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் இ மஞ்சள் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு வந்தால் நூற்றில் இருபது, இருபத்தைந்து பேர்வரை உயிரிழக்கக்கூடும். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. வெளியே போன இடத்தில் தாகம் எடுத்தால் கண்ணெதிரே சீவிய இளநீர், இல்லையென்றால் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில். வீட்டில் என்றால், கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்த உப்புப் போட்ட மோர், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஜில்லென்றே குடிக்கலாம்.