யார் பெயரில் அந்தக் கோப்பு?

ஒரு பொறியியல் கல்லூரி விடுதியின் அறிவிப்புப் பலகையில், மெஸ் பில் பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில், வார்டன் கையெழுத்திட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பாடக் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் வகுப்பு வீடியோக்களும் இருக்கும் பொது சர்வரைப் பற்றிய அறிவிப்பு அது. ஆளுக்கு 10 ஜிபி இடம். 8 ஜிபியைத் தாண்டினால் 7 நாளுக்குள் குறைக்க வேண்டும். பொது ஃபோல்டரில் உள்ளதைத் தன் ஃபோல்டருக்கு நகலெடுக்கக் கூடாது. விடுதியைக் காலி செய்பவரின் கணக்கு 30 நாளில் அழிக்கப்படும். அதற்குமுன் அவர் தன் கோப்புகளை ஒப்படைக்க வேண்டும்.

நகலெடுக்கத் தடை எதற்கு என்பதுதான் பலருக்கும் புரியாதது. 40 வகுப்புகள் கொண்ட ஒரு என்பிடெல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்புக்கு 200 எம்பி என்றால் மொத்தம் 8 ஜிபி. பொது ஃபோல்டரில் ஒரே பிரதி இருந்தால் விடுதி முழுவதும் அதைப் பார்க்கலாம். 30 பேர் ஆளுக்கொரு நகல் எடுத்துவிட்டால், அதே வீடியோக்கள் 240 ஜிபி இடத்தைத் தின்றுவிடும். அதோடு அந்த 30 பேரும் சொந்தக் கணக்கில் எச்சரிக்கை எல்லையை ஒட்டி நிற்பார்கள்.

அந்த எல்லை இரண்டு அடுக்கானது. லினக்ஸ் சர்வரில் 8 ஜிபி என்பது மென்மையான எல்லை. தாண்டலாம், ஆனால் அந்த நொடியிலிருந்து 7 நாள் கெடு ஓடும். 10 ஜிபி கடினமான எல்லை. அதற்குமேல் ஒரு எழுத்தும் ஏறாது. கெடு முடிந்துவிட்டால் 8 ஜிபியே கடினமான எல்லை ஆகிவிடும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எட்டரை ஜிபியில் இருப்பவர், "இன்னும் ஒன்றரை ஜிபி இருக்கிறதே" என்று நம்பி ரெக்கார்டைச் சேமிப்பார். சில மென்பொருள்கள் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் புதியதை எழுதத் தொடங்கும். எழுத இடம் மறுக்கப்பட்டால் பழையதும் போய், புதியதும் இல்லாமல், 0 பைட் கோப்பு மட்டும் மிஞ்சும். சேமித்தபின் கோப்பின் அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சர்வரில் நுழைந்து இதையும் பார்க்கலாம்:

```
$ quota -s
Filesystem  space   quota  limit   grace
/dev/md0    8600M*  8192M  10240M  5days
```

8600Mக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரக் குறி, மென்மையான எல்லையைத் தாண்டிவிட்டதைக் காட்டுகிறது. கடைசியில் இருப்பது மிச்சமுள்ள கெடு.

சரி, அழித்துவிடலாம் என்று அழித்தாலும் எண் சில சமயம் குறைவதில்லை. இந்த சர்வரில், அழித்த கோப்பு நேராகப் போய்விடாமல் `.recycle` என்ற ஃபோல்டருக்கு நகர்கிறது. தவறி அழித்தவரைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஆனால் அங்கே கிடக்கும்வரை அது அழித்தவரின் கணக்கில்தான் இருக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும். அப்படிக் காலி செய்ததை மீட்க முடியாது. சர்வரில் இரண்டு டிஸ்க்குகள் கண்ணாடிபோல ஒன்றையொன்று நகலெடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் அது ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் கைகொடுப்பதற்கு. அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிந்துவிடும். ஆகவே சொந்த ப்ராஜெக்ட்டுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும்.

என் கண்ணுக்கு இந்த அறிவிப்பிலேயே முக்கியமானது, ஒப்படைக்கச் சொல்லும் கடைசி வரிதான். சர்வர் இடத்தைக் கணக்கிடுவது ஃபோல்டரைப் பார்த்து அல்ல, கோப்பின் உரிமையாளரைப் பார்த்து. இறுதியாண்டு அண்ணன் ஒருவர் ஐந்து வருட வினாத்தாள்களை ஸ்கேன் செய்து, 4 ஜிபி அளவுக்குப் பொது ஃபோல்டரில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் படித்தாலும் அந்த 4 ஜிபி அவர் கணக்கில்தான் இருக்கும். அவர் போனபின் கணக்கையும் அவருடைய சொந்த ஃபோல்டரையும் அழித்தால், பொது ஃபோல்டரில் உள்ளவை அப்படியே கிடக்கும். ஆனால் உரிமையாளர் இருந்த இடத்தில் பெயர் இருக்காது, 1187 போல வெறும் எண் மட்டும் இருக்கும். அடுத்த ஆண்டு முதலாமாண்டு மாணவர் ஒருவருக்கு அதே எண் போய்ச்சேர்ந்தால், ஒரு கோப்பும் ஏற்றாத அந்தத் தம்பியின் கணக்கு முதல் நாளே 4 ஜிபியில் தொடங்கும். அவருக்குக் காரணம் புரியாது. தன்னுடையது என்று சர்வர் காட்டும் அந்த வினாத்தாள்களை அவர் அழித்தாலும் சர்வர் தடுக்காது.

இதைத் தவிர்க்க, கிளம்பும் அண்ணன் தன் பொதுக் கோப்புகளின் பட்டியலை சர்வர் பொறுப்பு மாணவரிடம் கொடுத்தால் போதும். அவர் உரிமையைப் பொதுக் கணக்குக்கு மாற்றிவிடுவார். பிறகு அவர் ஓட்டிப்பார்க்க வேண்டியது இந்த ஒரு வரி:

```
find /srv/pothu -nouser
```

எந்தப் பெயரும் திரையில் வராவிட்டால், அங்கே உரிமையாளர் இல்லாத கோப்பு எதுவும் இல்லை.