கரண்ட் பில் வாடகையான விதம்

நாளுக்கு இருநூறு வரவு விழும் ஒரு ஹார்டுவேர் கடையின் நடப்புக் கணக்கை வரிவரியாக டிக் அடித்துச் சரிபார்க்க முடியாது. டாலி, ஜோஹோ புக்ஸ் போன்ற மென்பொருள்களில் வங்கி ஸ்டேட்மென்ட்டை ஃபைலாகவே ஏற்றிவிடலாம். ஏற்றியதும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால், ஸ்டேட்மென்ட்டின் கடைசி இருப்பு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ வரி விடுபட்டிருக்கிறது, அல்லது முன்பே ஏற்றிய நாளை மறுபடி ஏற்றியதில் வரிகள் இரட்டித்திருக்கின்றன. இரட்டித்ததைத் தேதியும் தொகையும் பார்த்து நீக்கக் கூடாது. ஒரே நாளில் இரண்டு பேர் ஆளுக்கு 500 ரூபாய் அனுப்புவது சகஜம். யுபிஐ வரவுகளை அவற்றின் 12 இலக்கக் குறிப்பு எண்ணை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

அடுத்த வேலை பொருத்துவது. வாடிக்கையாளர் கட்டிய பணத்துக்கு ஏற்கெனவே பில் இருந்தால், வங்கி வரியை அந்த பில்லோடு சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு, விதி ஒன்று அதை ‘விற்பனை’ என்று புதிதாக எழுதினால், ஒரே விற்பனை இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். பில் இல்லாத வங்கிக் கட்டணம், வட்டி, வாடகை போன்றவற்றுக்கே விதி பொருந்தும்.

கார்டு வசூலில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஸ்வைப்பிங் மெஷினில் அன்றைய விற்பனை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 1 சதவீதம் என்றால் 500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90. மறுநாள் வங்கியில் விழுவது 49,410. எந்த பில்லோடும் இது ஒட்டாது. அதனால் கார்டு பில்களை முதலில் ‘கார்டு வசூல் பாக்கி’ என்ற லெட்ஜரில் 50,000 என்று வைக்கிறார்கள். பணம் விழுந்ததும் வங்கிக்கு 49,410, கமிஷனுக்கு 500, ஜிஎஸ்டிக்கு 90 என்று மூன்றாகப் பிரித்தால் பாக்கி பூஜ்ஜியமாகும். கார்டு வகைக்கேற்பக் கமிஷன் மாறும். ஆகவே விதியில் சதவீதத்தை நிரந்தரமாக எழுதாமல், மெஷின் தரும் நிறுவனத்தின் செட்டில்மென்ட் அறிக்கையிலிருந்து தொகையை எடுப்பதே சரி.

விதிகள் வங்கி வரியின் விவரத்தில் உள்ள எழுத்துகளைத் தேடுகின்றன. `RENT` இருந்தால் வாடகை என்று ஒரு விதி எழுதியாயிற்று. மின்கட்டணம் போனபோது விவரத்தில் வந்தது `CURRENT BILL`. அதற்குள்ளும் `RENT` இருக்கிறதே! கரண்ட் பில் வாடகையில் ஏறிவிட்டது. பல மென்பொருள்களில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் விதியே வேலை செய்யும். எனவே `CURRENT BILL` விதி மேலே இருக்க வேண்டும். வாடகை விதியில் வீட்டுக்காரர் பெயரையும் மாதத் தொகையையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

இத்தகைய பிழையை வங்கி இருப்பு காட்டிக்கொடுக்காது. பணம் போனது உண்மை, இருப்பும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும். லெட்ஜரைத் திறந்தால்தான் தெரியும்: மாதம் ஒரு வரி இருக்க வேண்டிய வாடகையில் இரண்டு வரிகள் இருக்கும்.