ஒரு பைசா வித்தியாசம்

நிறுவனத்தின் கணக்கு, கிடங்கு, விற்பனை எல்லாம் ஓடும் ஈஆர்பி மென்பொருளுக்குப் புதிய திருத்தம் வந்தால், முதலில் அதைத் தரவின் நகலில் ஏற்ற வேண்டும். போன மாதப் பில்களில் விற்பனை, தள்ளுபடி, சரக்குத் திருப்பம் என வகைக்குச் சிலவற்றை அங்கே மறுபடி போட்டு, பழைய விடையோடு ஒப்பிட வேண்டும்.

தலா ரூ.99.95 விலையில் மூன்று பொருள்கள். மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம். பொருள்வாரியாகப் பைசாவுக்கு முழுமையாக்கினால் வரி ரூ.27.00, மொத்தத்துக்குக் கணக்கிட்டால் ரூ.26.99. திருத்தம் இந்த முறையை மாற்றியிருந்தாலும் பற்றும் வரவும் பொருந்தும். பிழைச் செய்தி வராது. ஒப்பீடுதான் காட்டிக்கொடுக்கும்.

காரணம் விளங்கி, கணக்குப் பிரிவு ஒப்புக்கொள்ளும்வரை திருத்தத்தை நடப்புக் கணினியில் ஏற்றாதீர்கள்.