நள்ளிரவில் வீங்கும் கால் கட்டைவிரல்

இரவு நன்றாகப் படுத்தவர், விடியற்காலையில் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலே துடிக்கும் வலியோடு விழிக்கிறார். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். உருவவே கூடாது. சுளுக்கென்றால் கால் மடங்கிய நேரம் நினைவிருக்கும். அடியே படாமல், ஒரே நாளுக்குள் உச்சத்துக்குப் போகும் வலி பெரும்பாலும் கவுட். யூரிக் அமிலம் ஊசிப் படிகங்களாக மூட்டில் படிவதே காரணம். காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவாகவே காட்டக்கூடும். அதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அடிக்கடி வந்தால் அலோபியூரினால் போன்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, யூரிக் அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை மருத்துவர் கூட்டுவார். உணவுக் கட்டுப்பாடு மட்டும் பலருக்குப் போதாது. பழைய படிகங்கள் கரையும் முதல் சில மாதங்களில் வலி திரும்பலாம். அதற்கும் தடுப்பு மருந்து தருவார்கள். அப்போது பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.