ஐந்து பேர் அலுவலகத்தில் ஒரே கணக்கர்: பணிகளைப் பிரிப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரை அடுத்த மர்பி டவுனில் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிர்சாதனக் கருவிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் அதன் தொழில். உரிமையாளர், களப்பணிகளைக் கவனிக்கும் மேலாளர், வசூல் பார்க்கும் ஊழியர், அலுவலக உதவியாளர், கணக்கர் என மொத்தம் ஐவர். உரிமையாளர் பகல் முழுவதும் வாடிக்கையாளர் இடங்களில் இருப்பவர். ஆகவே பில்களைப் பெற்றுப் பதிவதும், இணைய வங்கிச்சேவையில் பணம் அனுப்புவதும், மாத இறுதியில் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும் நாளடைவில் கணக்கர் ஒருவரிடமே வந்து சேர்ந்துவிட்டன. ஓடிபி உரிமையாளரின் கைப்பேசிக்குத்தான் வருகிறது. கணக்கர் தொலைபேசியில் கேட்கிறார். இவர் படித்துச் சொல்லிவிடுகிறார்.

இந்த ஏற்பாட்டில் கணக்கர் நேர்மையானவராக இருக்கும்வரை எதுவும் நேராது. அவர் தவறினால் என்ன நேரும், அது எப்போது தெரியவரும் என்பதே நாம் காணவேண்டியது.

எல்லாம் பொருந்தும் ஒரு மோசடி

இந்நிறுவனம் செம்புக் குழாய்களை ஒரே விற்பனையாளரிடம் வாங்குகிறது. மாதந்தோறும் ஒரு பில், தொகை ரூ.86,400. கணக்கர் அந்த விற்பனையாளரின் பெயரிலேயே இரண்டாவது பயனாளி ஒன்றைப் பதிவு செய்கிறார். பெயர் அதே, கணக்கு எண் மட்டும் வேறு. பிறகு பழைய பில் ஒன்றின் நகலில் எண்ணையும் தேதியையும் மாற்றிப் புதிய கொள்முதலாகப் பதிந்து, இரண்டாவது பயனாளிக்குப் பணம் அனுப்புகிறார். ஓராண்டில் மூன்று முறை இவ்வாறு செய்தால் இழப்பு ரூ.2,59,200.

இது எங்கே அகப்படும்? முதலில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் பார்ப்போம். ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியையும் வங்கி தரும் கணக்கு அறிக்கையையும் ஒப்பிடும் பட்டியல் அது. ஏட்டில் அந்த விற்பனையாளருக்குப் பதினைந்து செலுத்துகைகள். வங்கி அறிக்கையிலும் பதினைந்து. வேறுபாடு இல்லை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் கணக்கு எண்ணை மட்டும் கொண்டே வரவு வைக்கப்படுகிறது. நாம் பதிந்துவைத்த பயனாளியின் பெயர் அறிக்கையில் தோன்றலாம்; ஆனால் பணம் அப்பெயருடையவரைச் சேர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது.

அடுத்து, ஆண்டு இறுதியில் விற்பனையாளரிடம் நிலுவை உறுதிக் கடிதம் கேட்கிறோம். நம் பேரேட்டில் பதினைந்து பில்கள், பதினைந்து செலுத்துகைகள், நிலுவை பூஜ்யம். அவர் பேரேட்டில் பன்னிரண்டு பில்கள், பன்னிரண்டு வரவுகள், நிலுவை பூஜ்யம். பூஜ்யமும் பூஜ்யமும் பொருந்திவிடும். நிலுவையை மட்டும் கேட்காமல் ஆண்டு முழுமைக்கான பேரேட்டு நகலையே கேட்டு, பதிவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால்தான் கூடுதலான மூன்றும் வெளிப்படும்.

ஜிஎஸ்டி தளத்தில் கிடைக்கும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை மற்றொரு வழி. விற்பனையாளர் தாமே பதிவேற்றிய பில்கள் அதில் இருக்கும். போலி பில் இருக்காது. ஆனால் அந்த அறிக்கையைக் கணக்கரே எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டால் பயனில்லை. உரிமையாளர் தாமே எடுக்க வேண்டும். அல்லது வெளித் தணிக்கையாளரிடமிருந்து நேராகப் பெற வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களுக்கு இவ்வழி உதவாது.

ஆக, பணம் போன பிறகு செய்யும் சரிபார்ப்புகளில் சில இத்தகைய மோசடியைக் காணவே காணா. பணம் போகுமுன் அதைத் தடுக்கும் இடங்கள் இரண்டு: பில்லை ஏற்கும் இடம், பயனாளியைச் சேர்க்கும் இடம். இவ்விரண்டும் கணக்கரின் கையில் இல்லாதிருந்தால் அவரால் இதைச் செய்திருக்க இயலாது.

மூன்று வேலைகள், மூன்று கைகள்

பெரிய நிறுவனங்களில் பணிப் பிரிப்புக்குத் தனித் துறைகளே உண்டு. ஐவர் உள்ள அலுவலகத்தில் அது இயலாது; தேவையும் இல்லை. ஒரு செலவில் மூன்று வேலைகள் அடங்கியுள்ளன: செலவுக்கு ஒப்புதல் தருவது, பணத்தைக் கையாள்வது, கணக்கில் பதிவது. இவற்றில் எந்த இரண்டும் முழுமையாக ஒருவரிடமே முடிந்துவிடக் கூடாது என்பதே விதி.

நம் நிறுவனத்தில் இதை இவ்வாறு அமைக்கலாம். குழாய் வந்திறங்கியதும் மேலாளர் எண்ணிப் பார்த்து, பில்லின் மீது தேதியிட்டுக் கையொப்பமிடுகிறார். அக்கையொப்பம் இல்லாத பில்லைக் கணக்கர் பதிவதில்லை. பதிந்தபின் கணக்கர் இணைய வங்கிச்சேவையில் செலுத்துகையைத் தயார் செய்கிறார். ஆனால் அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. உரிமையாளர் தம் சொந்தப் பயனர் பெயரில் நுழைந்து, பில்லின் படத்தைப் பார்த்து ஒப்புதல் தருகிறார். வணிகக் கணக்குகளுக்கான இணைய வங்கிச்சேவையில் பதிபவர், ஒப்புதல் தருபவர் என இரு நிலைகளை அமைத்துக்கொள்ள இயலும். கணக்கு வைத்துள்ள கிளையில் விண்ணப்பித்தால் போதும்.

புதிய பயனாளியைச் சேர்ப்பதும், இருக்கும் பயனாளியின் கணக்கு எண்ணை மாற்றுவதும் உரிமையாளரின் வேலை. விற்பனையாளரிடம் ரத்து செய்யப்பட்ட காசோலை ஒன்றைப் பெற்று, அதிலுள்ள எண்ணோடு ஒப்பிட்ட பின்னரே அவர் சேர்க்க வேண்டும். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே தம்மிடம் உள்ள எண்ணில் விற்பனையாளரை அழைத்துக் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் கண்ட எண்ணில் அன்று. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியே பணம் அனுப்புமுன் பெறுபவரின் கணக்குப் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அதைப் பயன்படுத்தினால் நாம் வைத்த பெயருக்கு மாறாக, வங்கியில் உள்ள பெயரே திரையில் தெரியும்.

ஓடிபியைப் படித்துச் சொல்லும் வழக்கத்தை அன்றே நிறுத்த வேண்டும். பணம் செலுத்துவதற்கான ரகசியக் குறிப்புகளை வாடிக்கையாளரே பிறருக்குத் தந்ததால் நேரும் இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது.

காசோலைக்கும் இதே முறை பொருந்தும். காசோலைப் புத்தகம் உரிமையாளரின் பூட்டில் இருக்க வேண்டும். பெயரும் தொகையும் எழுதப்படாத காசோலையில் கையொப்பமிடலாகாது. ரூ.50,000-க்கும் மேற்பட்ட காசோலைகளுக்கு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பாசிட்டிவ் பே முறையில் விவரங்களை உரிமையாளரே வங்கிக்குத் தெரிவிப்பது நல்லது.

வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். வசூல் ஊழியர் எண்ணிட்ட ரசீது கொடுத்துப் பணம் வாங்குகிறார். அன்றே உதவியாளர் அதை வங்கியில் செலுத்துகிறார். கணக்கர் ரசீது நகலையும் செலுத்துச் சீட்டையும் கொண்டு பதிகிறார். கணக்கரின் கை பணத்தைத் தொடுவதில்லை.

அறிக்கை யார் கைக்கு முதலில் வருகிறது?

பயனாளியைச் சேர்ப்பதை உரிமையாளர் தம்மிடம் வைத்துக்கொண்டாலும், அவர் அறியாத ஒரு கணக்கே நிறுவனத்தின் பெயரில் இருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்னும் சிற்றூரில் இதுவே நடந்தது. ஊரின் நிதி அலுவலராக 1983 முதல் இருந்த ரீட்டா கிரண்ட்வெல், 1990-இல் நகராட்சியின் பெயரைத் தாங்கிய ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கினார். அப்படியொரு கணக்கு இருப்பதை வேறெவரும் அறியவில்லை. மாநில அரசு அனுப்பியதுபோல் போலி பில்கள் தயாரித்து, நகராட்சிப் பணத்தை அதற்கு மாற்றி, அங்கிருந்து தம் செலவுக்கு எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இது தொடர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 5.37 கோடி டாலர். பணம் மாற்றுவதும், பதிவதும், வங்கி அறிக்கையைப் பெறுவதும் அவர் ஒருவரிடமே இருந்தன.

2011-இல் அவர் நீண்ட விடுப்பில் சென்றபோது, அவர் பணியைக் கவனித்த ஊழியர் நகராட்சியின் எல்லாக் கணக்குகளுக்கும் அறிக்கை தருமாறு வங்கியிடம் கேட்டார். வந்தவற்றுள் ஒன்று தமக்குத் தெரியாத கணக்காக இருக்கக் கண்டு மேயரிடம் காட்டினார். 2013 பிப்ரவரியில் கிரண்ட்வெல்லுக்கு 19 ஆண்டுகள் 7 மாதங்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதிலிருந்து நம் அலுவலகத்துக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, வங்கி அறிக்கை உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு நேராக வர வேண்டும். கணக்கர் அச்சிட்டுத் தருவதை ஏற்கக் கூடாது. 2009 ஜனவரியில் வெளிப்பட்ட சத்யம் நிறுவன மோசடியில் ரூ.5,040 கோடி வங்கி இருப்பு இல்லாத ஒன்றாக இருந்தது. போலி வங்கி ஆவணங்களே அதை மறைத்து நின்றன. இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கர் தொடர்ந்து பத்து நாள்களாவது விடுப்பில் இருக்க வேண்டும். அந்நாள்களில் அவர் வேலையை மேலாளர் செய்ய வேண்டும். வேலையை அப்படியே காக்கவைத்து, திரும்பி வந்து கணக்கரே முடிப்பதானால் அது விடுப்பாகாது.

உரிமையாளரின் ஒரு மணி நேரம்

மாதத்தில் ஒரு நாள் உரிமையாளர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வங்கி அறிக்கையை வரிவரியாகப் படித்து, தமக்கு நினைவில்லாத பத்துச் செலுத்துகைகளைத் தேர்ந்து, அவற்றின் பில்லையும் மேலாளர் கையொப்பத்தையும் கேட்க வேண்டும். பயனாளிப் பட்டியலில் ஒரே பெயர் இருமுறை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஒரே தொகை ஒரே மாதத்தில் இருமுறை சென்றிருந்தாலும், ஒரு விற்பனையாளரின் பில் எண்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வந்தாலும் விசாரிக்க வேண்டும். நம்மைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லாத விற்பனையாளருக்குத்தான் அப்படி எண்கள் வரும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மேலாளரும் கணக்கரும் கூடிச் செய்தால் பில்லின் மீதுள்ள கையொப்பம் பயனற்றதாகிவிடும். அப்போது விற்பனையாளரிடமிருந்து நேரே பெறும் பேரேட்டு நகல்தான் காட்டிக்கொடுக்கும். உரிமையாளர் படிக்காமலே ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் மொத்த ஏற்பாடும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

கணக்கரிடம் இதைச் சொல்லும்போது உண்மையையே சொல்லலாம். ஒரு தொகை காணாமற்போனால், எல்லாம் ஒருவரிடம் இருக்கும் அலுவலகத்தில் அந்த ஒருவரே முதலில் சந்தேகிக்கப்படுவார். தாம் எடுக்கவில்லை என்று நிறுவ அவரிடம் எதுவும் இராது. பணம் அனுப்பும் அதிகாரமே தமக்கு இல்லாத கணக்கருக்கு அந்த நிலை வருவதில்லை.